முடிவுரைக்கு நான்கு வழிகள்: சுருக்கத்தைத் திருப்பிச் சொல்லலாமா, பங்களிப்பைச் சொல்லலாமா?

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எல்லா இயலும் முடிந்துவிட்டது. முடிவுரை மட்டும் நிற்கிறது. சுருக்கத்தில் சொன்னதையே கொஞ்சம் வார்த்தை மாற்றி எழுதிவிட்டேன், கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் வேறு என்னதான் எழுதுவது?"

நியாயமான கேள்விதான். ஆய்வைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சுருக்கத்திலேயே சொல்லிவிட்ட பிறகு, கடைசிப் பக்கத்தில் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. சுருக்கத்தைத் திருப்பிச் சொல்வது ஒன்று. பங்களிப்பை முன்வைப்பது இரண்டாவது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மையமாக வைப்பது மூன்றாவது. தனி முடிவுரையே இல்லாமல் விவாதப் பகுதியோடு சேர்த்துவிடுவது நான்காவது. நான்கும் எங்காவது ஓரிடத்தில் சரியான தேர்வுதான். எந்த இடத்தில் என்பதுதான் பிரச்சினை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் படிப்பவரின் வழக்கம். ஜர்னல் கட்டுரையை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை. தலைப்பு, சுருக்கம், அப்புறம் நேராக முடிவுரை; பிடித்திருந்தால் மட்டும் நடுப்பகுதி. சுருக்கத்தைப் படித்து இரண்டு நிமிடம்கூட ஆகாத ஒருவருக்கு முடிவுரையில் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சொல்லும் கூற்றைத் தரவு தாங்குகிறதா என்பது. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் பிடித்து இழுக்கும் வாக்கியம் பெரும்பாலும் முடிவுரையில்தான் இருக்கும். பெரிதாகச் சொன்னால் அடி விழும். பயந்துபோய் ஒன்றுமே சொல்லாவிட்டால் "அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்தது என்ன?" என்ற கேள்வி வரும்.

மூன்றாவது, அடுத்து வரும் ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க முடியுமா என்பது.

நான்காவது, வெளியாகும் இடத்தின் விதி. இது பலர் நினைப்பதைவிட முக்கியம். பொறியியல் ஜர்னல்களை வெளியிடும் ஐ.இ.இ.இ. அமைப்பு தன் கட்டுரை மாதிரிப் படிவத்திலேயே, முடிவுரையில் முக்கியப் புள்ளிகளைத் தொட்டுக்காட்டலாம், ஆனால் சுருக்கத்தை அப்படியே அங்கே வைக்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. வேலையின் முக்கியத்துவம், பயன்பாடு, விரிவாக்கம் ஆகியவற்றைச் சொல்லலாம் என்கிறது. மருத்துவ ஜர்னல்கள் பின்பற்றும் ஐ.சி.எம்.ஜே.இ. பரிந்துரை இன்னொரு பக்கம் இறுக்குகிறது: முடிவை ஆய்வின் நோக்கத்தோடு இணைத்துச் சொல்லுங்கள், 'முதலில் செய்தது நாங்களே' என்று உரிமை கோராதீர்கள், முடிக்காத வேலையைச் சுட்டிப் பேசாதீர்கள், புதிய கருதுகோள் சொன்னால் அது கருதுகோள் என்று தெளிவாகக் குறியுங்கள். பொறியியல் கட்டுரையில் பாராட்டு வாங்கும் வாக்கியம் மருத்துவக் கட்டுரையில் வெட்டுப்படலாம்.

## எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆய்வு

பொத்தாம்பொதுவாகப் பேசினால் இது விளங்காது. நம் பொறியியல் கல்லூரிகளில் அடிக்கடி நடக்கும் ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம்: சிமென்டின் ஒரு பங்குக்குப் பதிலாக உமிச் சாம்பலைப் போட்டுக் கான்கிரீட் செய்வது. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல.

பின்னணி இதுதான். உமிச் சாம்பலில் சிலிக்கா மிக அதிகம். அந்தச் சிலிக்கா படிகமாகாத நிலையில் இருந்தால், சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கூடுதல் பிணைப்பைத் தரும். இதைப் பொசலானிக் வினை என்பார்கள். வெப்பம் மிஞ்சினால் சிலிக்கா படிகமாகி மந்தமாகிவிடும். அதனால் ஆய்வகத்தில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி உமியை எரிப்பார்கள். அரிசி ஆலை பாய்லரில் அப்படி எதுவும் கிடையாது. வருவது வரட்டும் என்று எரிகிறது. சாம்பலில் எரியாத கரியும் தங்கிவிடும்.

நம் மாணவி இந்தப் பாய்லர் சாம்பலைத்தான் எடுத்தார். குண்டுகள் உருண்டு அரைக்கும் பால் மில்லில் 60 நிமிடம் அரைத்தார். எம்25 என்ற தரக் கான்கிரீட் கலவையில் சிமென்டின் எடையில் 0, 5, 10, 15, 20 சதவீதம் மாற்றினார். 150 மில்லிமீட்டர் க்யூப்கள், ஒவ்வொரு கலவைக்கும் மூன்று, 28 நாள் க்யூரிங். சாம்பல் இல்லாத க்யூப்கள் 30.6, 32.0, 33.7 மெகாபாஸ்கல் தாங்கின, சராசரி 32.1. பத்து சதவீதம் சாம்பல் போட்டவை 32.2, 33.5, 35.7, சராசரி 33.8. பதினைந்து சதவீதத்தில் சராசரி 30.4 ஆகவும் இருபதில் 26.9 ஆகவும் இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, அரைக்காத சாம்பலைப் பத்து சதவீதம் போட்டு ஒரு கலவையும் செய்தார். அதில் 26.1, 27.2, 28.9 வந்தது, சராசரி 27.4. இன்னொன்று: கலவையின் இளக்கம் குறையாமலிருக்க, பத்து சதவீதக் கலவைக்கு சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற இளக்கும் வேதிப்பொருளின் அளவை 0.6 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

அவருடைய சுருக்கத்தின் கடைசி வரி: "பத்து சதவீத மாற்றீட்டில் 28 நாள் வலிமை 5.3 சதவீதம் கூடியது."

இனி நான்கு வழிகளையும் இந்த ஆய்வின் மேல் வைத்துப் பார்ப்போம்.

## வழி 1: சுருக்கத்தைத் திருப்பிச் சொல்வது

மாணவியின் முதல் வரைவு இப்படி இருந்தது என்று வையுங்கள்:

> இந்த ஆய்வில் எம்25 கான்கிரீட்டில் சிமென்டுக்குப் பதிலாக உமிச் சாம்பல் 0 முதல் 20 சதவீதம் வரை பயன்படுத்தப்பட்டது. க்யூப்கள் 28 நாள்கள் நீரில் வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. பத்து சதவீதத்தில் வலிமை 5.3 சதவீதம் அதிகரித்தது. உமிச் சாம்பல் சுற்றுச்சூழலுக்கு உகந்த மாற்றாகும். எதிர்காலத்தில் மேலும் ஆய்வுகள் தேவை.

தப்பான தகவல் எதுவும் இல்லை. ஆனால் கடைசி இரண்டு வாக்கியங்களை உலகத்தின் எந்த உமிச் சாம்பல் கட்டுரையிலும் ஒட்டிவிடலாம். முதல் மூன்றும் சுருக்கத்தில் இருப்பவைதான். முதல் அளவுகோலில் பூஜ்யம், மூன்றாவதிலும் பூஜ்யம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு சட்டென்று கண்ணில் படாது. திருப்பிச் சொல்லும்போது எண்ணும் அப்படியே திரும்ப வருகிறது. அதை மறுபடி யோசிக்கும் வேலை தப்பிப்போகிறது. 5.3 சதவீதம் கூடியது என்பது சராசரிகளின் கணக்கு. தனித்தனி க்யூப்களைப் பாருங்கள். சாம்பல் இல்லாததில் ஒன்று 33.7, சாம்பல் போட்டதில் ஒன்று 32.2. இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஒரே கலவையின் மூன்று க்யூப்களுக்குள் தனி மதிப்பு சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகினாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரம் ஐ.எஸ். 456. இந்த நிலையில் 5.3 சதவீதத்தை 'கூடியது' என்று இரண்டு இடத்தில் அச்சிட்டால், தேர்வாளருக்கு இரண்டு இடத்தில் வாய்ப்புக் கொடுத்ததாக ஆகும்.

அப்படியானால் இந்த வழி எங்கே சரி? இருநூறு முந்நூறு பக்க ஆய்வேட்டில். பல பல்கலைக்கழகங்கள் 'தொகுப்பும் முடிவுகளும்' என்றே கடைசி இயலுக்குப் பெயர் வைத்திருக்கின்றன. ஐந்தாவது இயலைப் படிக்கும்போது இரண்டாவது இயல் தேர்வாளருக்கு மறந்திருக்கும். அங்கே இயல்வாரியாகத் தொகுத்துச் சொல்வது உதவி. ஆனால் அது அந்த இயலின் முதல் பாதியாக மட்டும் இருக்கட்டும். எட்டுப் பக்கக் கட்டுரையில் யாருக்கும் எதுவும் மறந்திருக்காது.

## வழி 2: பங்களிப்பை முன்வைப்பது

இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பங்களிப்பு என்றால் என்ன செய்தோம் என்பதல்ல. கிடைத்த எண்ணும் அல்ல. இந்த ஆய்வுக்கு முன்னால் ஒருவர் எடுத்திருக்கக்கூடிய ஒரு முடிவு, இதைப் படித்த பிறகு எப்படி மாறும் என்பதே பங்களிப்பு. அதைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி: வரைவிலிருந்து எண்களை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். ஏதாவது கூற்று மிஞ்சுகிறதா? மேலே உள்ள வரைவில் எண்களை அடித்தால் 'உமிச் சாம்பல் போட்டோம், வலிமை கூடியது' என்று மிஞ்சும். இது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்தது. ஐ.எஸ். 456 தரமே கான்கிரீட்டில் சேர்க்கத்தக்க பொருள்களில் ஒன்றாக உமிச் சாம்பலைக் குறிப்பிடுகிறது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருப்பதைத் தன் பங்களிப்பு என்று சொல்ல முடியாது.

சரி, மாணவியின் தரவில் உண்மையில் தனித்து நிற்பது எது? பத்து சதவீதத்துக்கும் சாம்பல் இல்லாததுக்கும் உள்ள வித்தியாசம் அல்ல. அரைத்ததற்கும் அரைக்காததற்கும் உள்ள வித்தியாசம். அரைக்காத சாம்பலின் மிகச் சிறந்த க்யூப் 28.9. சாம்பல் இல்லாதவற்றில் மிக மோசமானதே 30.6. இந்த இரண்டு கூட்டமும் தொட்டுக்கொள்ளவே இல்லை. அரைத்ததும் அந்த இழப்பு மறைந்துவிடுகிறது. மூன்று க்யூப்கள்தான் என்றாலும், தரவு தாங்கக்கூடிய கூற்று இதுதான். மாணவி இதை நான்காவது பக்கத்தில் ஒரு வரியாக விட்டுவிட்டார். சுருக்கத்தில் சேர்க்கவே இல்லை.

இப்போது இரண்டாவது வரைவு:

> வெப்பத்தைக் கட்டுப்படுத்தாமல் பாய்லரில் எரிந்த உமிச் சாம்பலையும், அரைத்துப் பயன்படுத்தினால், எம்25 கான்கிரீட்டில் சிமென்டின் பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடலாம். 28 நாள் வலிமையில் இழப்புத் தெரியவில்லை. அரைக்காத அதே சாம்பல் வலிமையைத் தெளிவாகக் குறைத்தது. எனவே, ஆலைச் சாம்பலைப் பயன்படுத்த நினைப்பவர் தனி எரிகலன் அமைப்பதற்கு முன் அரைப்பதைச் சோதித்துப் பார்ப்பது பயனுள்ளது. இதற்கு விலை உண்டு: அதே இளக்கத்துக்கு சூப்பர் பிளாஸ்டிசைசர் ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்பட்டது. இந்தக் கூற்று ஓர் ஆலையின் சாம்பலுக்கும் ஒரு கலவைக்கும் 28 நாள் வலிமைக்கும் மட்டுமே பொருந்தும்.

இங்கே 'கூடியது' என்ற சொல் போய் 'இழப்புத் தெரியவில்லை' வந்திருப்பதைக் கவனியுங்கள். கூற்று சிறியதாகியிருக்கிறது, ஆனால் பயன் பெரிதாகியிருக்கிறது. அரிசி ஆலை முதலாளிக்கும் கான்கிரீட் பிளாக் செய்பவருக்கும் இதில் ஒரு முடிவு இருக்கிறது. வேதிப்பொருள் செலவை ஒளிக்காமல் சொன்னதும் பங்களிப்பின் பகுதிதான். அதை மறைத்தால் ரிவ்யூவர் அட்டவணையில் தேடி எடுத்துக் கேட்பார்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேரம். பங்களிப்பைச் சொல்ல வேண்டுமானால் முன்னாய்வுப் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டும். கட்டுப்படுத்தாத சாம்பலை அரைத்துப் பார்த்தவர்கள் ஏற்கெனவே உண்டா? இந்தக் கேள்வியில் உண்மையில் உண்டு. அதனால்தான் 'முதன்முறையாக' என்ற சொல் ஆபத்தானது. அதற்குப் பதிலாக முன்னவர்களிடமிருந்து உங்கள் நிலைமை எங்கே விலகுகிறது என்று சொல்லுங்கள்: வேறு எரிகலன், குறைந்த அரைக்கும் நேரம், வேறு கலவை, எதுவானாலும் சரி. முடிவுரை எழுத உட்கார்ந்தவர் முன்னாய்வுப் பகுதியில் இரண்டு பத்தியைத் திருத்திவிட்டு எழுந்தால் அது சரியான அறிகுறி.

இன்னொரு செலவு, கூற்று வீங்குவது. 'போடலாம்' என்று எழுதியவர் அடுத்த திருத்தத்தில் 'கட்டுமானத் துறையில் சிமென்ட் செலவைக் குறைக்கும்' என்று எழுதுவார், அதற்கடுத்ததில் கார்பன் உமிழ்வு வந்துவிடும். மாணவி செலவையும் அளக்கவில்லை, உமிழ்வையும் அளக்கவில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அது நிற்கும் அட்டவணை எண்ணைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். எண் எழுத முடியாத வாக்கியம் வெளியேறட்டும்.

## வழி 3: அடுத்த கேள்வியை மையமாக வைப்பது

1905-இல் ஐன்ஸ்டைன் நிறையும் ஆற்றலும் பற்றி எழுதிய சிறு கட்டுரை இந்த வழிக்கு நல்ல சான்று. மூன்று பக்கம்தான். கடைசியில், ஆற்றல் அளவு பெரிதாக மாறக்கூடிய பொருள்களில், உதாரணமாக ரேடியம் உப்புகளில், இந்தக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்ப்பது சாத்தியமாகலாம் என்கிறார். 'மேலும் ஆய்வு தேவை' என்று அவர் சொல்லவில்லை. எந்த வகைப் பொருளில் தேட வேண்டும், ஏன் அந்த வகையில், எதை வைத்துத் தொடங்கலாம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பின்னால் 1932-இல் காக்கிராஃப்ட்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தபோது கிடைத்த ஆற்றல் கணக்கு அவருடைய நிறை-ஆற்றல் சமன்பாட்டோடு ஒத்துப்போனது. சோதனை வந்தது ரேடியம் வழியாக அல்ல. அதனால் குறை ஒன்றுமில்லை. அவர் காட்டிய காரணம் சரியாக இருந்தது, உதாரணம் மாறிப்போனது, அவ்வளவுதான்.

எதிர்காலத் திசைகள் பகுதியில் நான் பார்க்கும் பெரிய கோளாறு, மாறிகளின் பட்டியல். 'வேறு தரக் கான்கிரீட்டில் செய்யலாம், வேறு சதவீதங்களில் செய்யலாம், வேறு சாம்பல்களில் செய்யலாம்.' இதை எழுத ஆய்வு செய்திருக்கவே தேவையில்லை. ஒரு திசை உருப்படியானதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்தச் சோதனையில் எந்த விடை வந்தால் என் முடிவுரையின் எந்த வாக்கியம் மாறும்? எந்த வாக்கியமும் மாறாது என்றால் அந்தத் திசையை விட்டுவிடலாம்.

நம் மாணவிக்கு இதை வைத்து இரண்டு திசைகள் கிடைக்கின்றன.

முதலாவது, அரைத்ததால் வலிமை ஏன் திரும்பி வந்தது என்பது. இரண்டு காரணம் இருக்கலாம். நுண்ணிய துகள்கள் சிமென்ட் துகள்களுக்கு நடுவே உள்ள இடத்தை அடைத்திருக்கலாம். அல்லது அரைத்ததால் பரப்பு கூடி, படிகமற்ற சிலிக்கா வேகமாக வினைபுரிந்திருக்கலாம். மாணவி இதைப் பிரிக்கும் எந்தச் சோதனையும் செய்யவில்லை, ஆகவே 'பொசலானிக் வினையால்' என்று எழுத அவருக்கு உரிமை இல்லை. ஆனால் பிரிக்கும் வழி எளிது: வினைபுரியாத குவார்ட்ஸ் மணலை அதே நுண்மைக்கு அரைத்து அதே பத்து சதவீதம் போட்டுப் பார்ப்பது. குவார்ட்ஸும் அதே வலிமையைத் தந்தால், நடப்பது இடத்தை அடைக்கும் வேலைதான். அப்போது சாம்பல்தான் வேண்டும் என்பதே இல்லை; முதல் வாக்கியம் முழுக்க மாறிவிடும். குவார்ட்ஸ் பின்தங்கினால் வினைக்கும் பங்கு உண்டு என்று சொல்லலாம்.

இரண்டாவது, சாம்பலின் மாறுபாடு. பாய்லர் சாம்பல் ஒரு நாள் சாம்பல் நிறமாகவும் இன்னொரு நாள் கறுப்பாகவும் வரும். கறுப்பு எரியாத கரி. அதன் அளவைச் சாம்பலை மறுபடி சூடாக்கி எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். கரி கூடினால் சூப்பர் பிளாஸ்டிசைசரை உறிஞ்சும். மாணவியிடம் இருந்தது ஓர் ஆலையின் ஒரு மூட்டை. பல ஆலைகளில் பல மாதங்களில் எடுத்த சாம்பலை வைத்து, எடை இழப்பு எந்த அளவைத் தாண்டினால் அரைத்தும் பயனில்லை என்று கண்டுபிடித்தால், 'போடலாம்' என்பது 'இன்ன அளவுக்குள் இருந்தால் போடலாம்' என்று மாறும்.

> அரைத்ததால் கிடைத்த பலன் இடத்தை அடைத்ததாலா, வினையாலா என்று இந்த ஆய்வு பிரிக்கவில்லை. அதே நுண்மைக்கு அரைத்த குவார்ட்ஸை ஒப்பீடாக வைத்தால் இது தெரியும். மேலும், மிஞ்சிய கரியின் எந்த அளவு வரை இந்த முடிவு நிற்கும் என்பதைப் பல ஆலைகளின் சாம்பலைச் சோதித்தே சொல்ல முடியும்.

மூன்றே வாக்கியம். நெடுநாள் தாங்குதிறன், கம்பி துருப்பிடித்தல் எல்லாம் முக்கியமான கேள்விகள்தான். ஆனால் அவை எந்த உமிச் சாம்பல் கான்கிரீட்டுக்கும் உள்ள கேள்விகள். இந்த ஆய்வின் முடிவிலிருந்து முளைத்தவை அல்ல. இடம் இருந்தால் ஒரு வரி சேர்க்கலாம்.

மருத்துவத்தில் இதற்கென்று ஓர் ஒழுங்கே உண்டு. இபிகாட் என்ற அந்த அமைப்பு 2006-இல் வெளியானது. இப்போது என்ன சான்று இருக்கிறது, யாரிடம், என்ன செய்து, எதனோடு ஒப்பிட்டு, எதை அளந்து பார்க்க வேண்டும், இந்தப் பரிந்துரை எந்தத் தேதியில் சொல்லப்பட்டது என்று ஆறையும் நிரப்பச் சொல்கிறது. பொறியியலுக்கும் சமூகவியலுக்கும் அதை அப்படியே எடுத்தாலும் கெட்டுப்போகாது.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள் இரண்டு. குறையை நீங்களே சொன்னால், "தெரிந்தும் ஏன் செய்யவில்லை?" என்று தேர்வாளர் கேட்பார். குவார்ட்ஸ் சோதனை அதற்குச் சரியான உதாரணம்: நான்கு வாரத்தில் முடியும் வேலை. உங்களுக்கு நான்கு வாரம் இருக்கிறது என்றால் எதிர்காலத் திசை என்று எழுதாதீர்கள். செய்துவிட்டு முடிவாக எழுதுங்கள். அடுத்தது, நல்ல திசையை விவரமாகச் சொன்னால் இன்னொரு குழு அதை எடுத்துச் செய்துவிடும். முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இருப்பவருக்கு இது உண்மையான கவலை. நீங்கள் அடுத்து செய்யப்போவதைப் பெயர் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். செய்யப்போகாததைத் தாராளமாக விவரிக்கலாம்.

## வழி 4: தனி முடிவுரை வேண்டாம்

1953 ஏப்ரல் 25 அன்று 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டியது. முடிவுரை என்று தனியாக ஒன்றும் இல்லை. முடியும் தறுவாயில், தாங்கள் முன்வைத்த இணைப்பு முறை மரபுப்பொருள் நகலெடுக்கப்படுவதற்கான ஒரு வழியை உடனே உணர்த்துகிறது என்பது தங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்று ஒரு வாக்கியம். பங்களிப்பின் பொருளும் அடுத்த திசையும் அதிலேயே அடங்கிவிட்டன. ஐந்து வாரம் கழித்து, மே 30 இதழில், அதை விரித்துத் தனிக் கட்டுரை எழுதினார்கள்.

குறுங்கட்டுரைகளுக்கும், விவாதப் பகுதியே கடைசிப் பகுதி என்று வைத்திருக்கும் ஜர்னல்களுக்கும் இது பொருந்தும். செலவு என்னவென்றால், விவாதத்தின் கடைசிப் பத்தி முழுச் சுமையையும் தாங்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பத்தியைக் குறைகளின் பட்டியலோடு முடித்துவிடுகிறார்கள். படிப்பவர் கையில் கடைசியாகக் கிடைப்பது மன்னிப்புக் கோரிக்கையாகிவிடுகிறது. குறைகளை விவாதத்தின் நடுவே வைத்துவிட்டு, கூற்றைக் கடைசிக்குக் கொண்டுவருவது நல்லது.

## ஒரே பார்வையில்

| | சுருக்கத்தைத் திருப்பிச் சொல்வது | பங்களிப்பு | அடுத்த கேள்வி | தனி முடிவுரை இல்லை |
|---|---|---|---|---|
| சுருக்கம் படித்தவருக்குப் புதிது | இல்லை | உண்டு | உண்டு | விவாதத்தைப் பொறுத்தது |
| தரவு தாங்குவது | எண்ணைக் கேள்வி கேட்காமல் விடும் | சோதிக்கவைக்கும். வீங்கும் ஆபத்தும் உண்டு | எல்லையை வெளிப்படையாக்கும் | விவாதத்தோடு ஒட்டியிருக்கும் |
| அடுத்தவர் தொடங்குவது | முடியாது | ஓரளவு | முடியும் | ஒரு வாக்கியம் சொன்னால் முடியும் |
| மறைமுகச் செலவு | கூற்று இல்லாமல் போவது | முன்னாய்வைத் திரும்பத் திருத்துவது | 'ஏன் செய்யவில்லை' கேள்வி. யோசனை பறிபோவது | கடைசிப் பத்தியின் சுமை |
| சரியான இடம் | பெரிய ஆய்வேட்டின் தொகுப்புப் பகுதி | பொறியியல், அறிவியல் கட்டுரை | முதல்கட்ட ஆய்வு, திறனாய்வுக் கட்டுரை, நிதி கேட்கும் திட்டம் | குறுங்கட்டுரை. ஜர்னல் விதி அப்படியிருந்தால் |

## உங்கள் நிலைமைக்கு எது

எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கக் கட்டுரை என்றால் என் தேர்வு தயக்கமில்லாமல் இரண்டாவது வழி. அதன் வாலில் மூன்றாவது வழியின் இரண்டு மூன்று வாக்கியங்கள். மேலே உள்ள இரண்டாவது வரைவையும் மூன்றாவதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அதுவே முழு முடிவுரை. வரிசையும் அதில் தெரியும்: கூற்று, அதற்கான சான்று, யார் என்ன மாற்றிச் செய்யலாம், விலை, எல்லை, அப்புறம் அந்த எல்லையிலிருந்து கிளம்பும் கேள்விகள். எல்லையைச் சொல்லாமல் நேராகக் கேள்விக்குப் போனால் திசைகள் அந்தரத்தில் தொங்கும்.

முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் கடைசி இயலை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதி இயல்வாரித் தொகுப்பு, ஓர் இயலுக்கு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். இரண்டாம் பாதியில் பங்களிப்புகள். அவற்றை இயல் வரிசையில் எழுத வேண்டியதில்லை, முக்கியத்துவ வரிசையில் எழுதுங்கள். நான்காம் இயலில் கிடைத்தது முதலில் வரலாம்.

முடிவு எதிர்மறையாக வந்தவர்கள், அதாவது நினைத்தது நடக்காதவர்கள், மூன்றாவது வழியை மையமாக வைப்பது நல்லது. ஆனால் எந்த நிபந்தனையில் நடக்கவில்லை என்பதைப் பங்களிப்பாக முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கேள்விகளுக்குப் போக வேண்டும். இருபது சதவீதத்தில் வலிமை சரிந்தது என்பதும் ஒருவருக்குத் தேவையான தகவல்தான்.

மருத்துவ, பொதுச் சுகாதார ஜர்னலுக்கு அனுப்புபவர்கள் 'நாங்கள் தற்போது செய்துவரும் அடுத்த ஆய்வில்' என்று தொடங்கும் வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும்.

கைடு இன்னமும் சுருக்கம் மாதிரியான முடிவுரையையே கேட்கிறார் என்றால் சண்டை போட வேண்டாம். முதல் இரண்டு வரியை அவருக்காகத் தொகுப்பாக வைத்துவிட்டு, மூன்றாவது வரியிலிருந்து கூற்றைத் தொடங்குங்கள். பெரும்பாலும் அவர் அந்த முதல் இரண்டு வரியைத் தானே அடித்துவிடுவார்.

முடிவுரை நிலைத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சுருக்கத்தைத் திறந்து அதன் கடைசி வரியைத் திருத்த வேண்டும். மாணவியின் சுருக்கம் இன்னமும் '5.3 சதவீதம் கூடியது' என்றே சொல்கிறது, முடிவுரை 'இழப்புத் தெரியவில்லை' என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் ரிவ்யூவருக்கு இது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். சுருக்கத்துக்கு இப்படி ஒரு வரி போதும்: "கட்டுப்படுத்தாமல் எரிந்த சாம்பலை அரைத்துப் பத்து சதவீதம் போட்டபோது 28 நாள் வலிமை சராசரி 33.8 மெகாபாஸ்கல், சாம்பல் இல்லாத கலவையில் 32.1, அரைக்காத சாம்பலில் 27.4."